IM_4 என்று தேடினால் IM14 ஏன் வந்தது?

கிருஷ்ணகிரியில் ராயக்கோட்டை சாலைப் பக்கம் இருக்கும் ஒரு உர, பூச்சிமருந்துக் கடைக்கு பில் போடும் மென்பொருளை நான்தான் எழுதிக் கொடுத்தேன். நான் இருப்பது தர்மபுரியில். ஏதாவது சிக்கல் என்றால் முதலில் போன் வரும், அதில் தீரவில்லை என்றால் பஸ் ஏறிப் போய்விடுவேன். அன்று போனிலேயே கடைக்கார அண்ணனின் குரல் சரியாக இல்லை.

"தம்பி, மருந்து ரேக்குல கண்ணு முன்னாடி இருக்கு. கம்ப்யூட்டர் விக்கக் கூடாதுன்னு சொல்லுது. ரெண்டு நாளா ஆளுங்களத் திருப்பி அனுப்பிட்டு இருக்கேன்."

அது தை மாதம். மா பூத்திருக்கும் நேரம். பூங்கொத்தில் தத்துப்பூச்சி இறங்கிவிட்டால் பூ கருகிக் கொட்டும், அந்த ஆண்டு காய்ப்பே போய்விடும். அதனால் காவேரிப்பட்டணம், சந்தூர் பக்கமிருந்தெல்லாம் காலையிலேயே வந்து இமிடாகுளோபிரிட் கேட்பார்கள். அந்த இரண்டு நாளும் சரக்கு இருந்தும் இல்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பெங்களூரா மரங்களை நம்பி இருக்கிற ஒருவர் அதற்காக இன்னொரு கடையைத் தேடி அலைந்திருப்பார். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. ஏனென்றால் காரணம் நான் எழுதிய ஒரே ஒரு வரி.

நடந்தது இதுதான். சரக்கு அனுப்புகிறவர், ஒரு லாட்டில் புட்டி மூடி கசிகிறது, அதை மட்டும் விற்காமல் தனியாக வையுங்கள் என்று செய்தி அனுப்பியிருந்தார். லாட் எண் `IM_4`. அண்ணன் லாட் தேடும் திரையில் அதை அப்படியே தட்டச்சு செய்தார். மூன்று வரிகள் வந்தன. அதே மருந்து, அதே அளவு, மூன்று பெட்டிகள். எல்லாம் அந்த லாட்தான் போல என்று நினைத்து, "வந்த அனைத்தையும் விற்பனையிலிருந்து நிறுத்து" என்ற பொத்தானை அழுத்திவிட்டார். மறுநாள் அவரே பில் போட உட்காரவில்லை, கடைப் பையன்தான் உட்கார்ந்தான். திரை சொன்னதை அவன் நம்பினான்.

வந்த மூன்று லாட்டுகள் `IM_4`, `IM14`, `IM24`. கசிந்தது முதலாவது மட்டும். மற்ற இரண்டும் வேறொரு இடத்திலிருந்து வந்த நல்ல சரக்கு.

என் வரி இப்படி இருந்தது:

```python
cur.execute("SELECT id, lot FROM stock WHERE lot LIKE ?",
            ("%" + q + "%",))
```

இதைப் பார்க்கிற பலரும் இதில் தவறு இல்லை என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பயனர் எழுதியதை எஸ்க்யூஎல் வாக்கியத்துக்குள் ஒட்டவில்லை, கேள்விக்குறி வைத்து பாராமீட்டராகத்தான் அனுப்பினேன். ஒற்றை மேற்கோள் குறி போட்டு யாரும் வாக்கியத்தை உடைக்க முடியாது. அந்த வகையில் இது பாதுகாப்பானதுதான்.

ஆனால் இங்கே பயனரின் எழுத்தைப் படிப்பவர்கள் இரண்டு பேர். முதலாமவர் எஸ்க்யூஎல் வாக்கியத்தைப் படிக்கும் பார்சர். பாராமீட்டர் அவரிடமிருந்து மட்டும்தான் நம்மைக் காப்பாற்றுகிறது. உள்ளே என்ன இருந்தாலும் இது வெறும் மதிப்பு என்று அவர் விட்டுவிடுவார். இரண்டாமவர் `LIKE`. அந்த மதிப்பு அவர் கைக்குப் போன பிறகு, அவர் அதை வெறும் எழுத்தாகப் படிப்பதில்லை, ஒரு மாதிரியாகப் படிக்கிறார். அவருக்கு `%` என்றால் எத்தனை எழுத்து வேண்டுமானாலும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். `_` என்றால் ஏதோ ஒரு எழுத்து, சரியாக ஒன்று. நான் இரண்டு பக்கமும் சேர்த்த `%` எங்கிருந்து வந்தது, அண்ணன் தட்டிய `_` எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாது. `%IM_4%` என்பதை அவர் "ஐ, எம், ஏதோ ஒன்று, நான்கு" என்று படித்தார். `IM14` அதற்குச் சரியாகப் பொருந்துகிறது. டேட்டாபேஸ் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது.

சதவீதக் குறியால் வந்த தொல்லை அதே கடையில் முன்பே இருந்திருக்கிறது. நான்தான் கவனிக்கவில்லை. பொருள் பட்டியலிலிருந்து ஆறு வரிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்:

```
1  ஹெக்சகோனசோல் 5% 250 மிலி
2  இமிடாகுளோபிரிட் 17.8% 250 மிலி
3  மேன்கோசெப் 75% 500 கிராம்
4  புரோபெனோபாஸ் 50% 1 லிட்டர்
5  நனையும் கந்தகம் 80% 1 கிலோ
6  லாம்டா சைஹாலோத்ரின் 5% 500 மிலி
```

பூச்சிமருந்துக் கடையில் பெயரோடு வீரியமும் சேர்ந்தே வரும். "அஞ்சு பர்சென்ட்" என்று கேட்பவருக்காகப் பையன் `5%` என்று தேடுகிறான். `LIKE` கையில் போவது `%5%%`. அதாவது, எங்காவது ஒரு 5 இருந்தால் போதும். இரண்டாவது வரியில் வீரியம் 17.8, ஆனால் 250 மிலியில் 5 இருக்கிறது, அதனால் வருகிறது. நான்காவது வரி 50 என்பதால் வருகிறது. ஆறில் ஐந்து வந்துவிடுகிறது, கந்தகம் ஒன்றுதான் தப்பியது. புட்டிகள் பெரும்பாலும் 250, 500 என்று வருவதால், பையனுக்கு கிட்டத்தட்ட மொத்தக் கடையும் திரையில் வந்திருக்கும். அவன் புகார் சொல்லவே இல்லை. `5%` என்று தேடினால் வேலைக்காகாது என்று தெரிந்துகொண்டு, பெயரில் தேடப் பழகிவிட்டான்.

சதவீதக் குறி தவறு செய்தால் திரை நிரம்பிவிடும், யாருக்கும் சந்தேகம் வரும். அடிக்கோடு தவறு செய்தால் ஒன்றோ இரண்டோதான் கூடுதலாக வரும், அதுவும் தேடியதைப் போலவே தோற்றம் உள்ளதாக வரும். `IM_4`க்குப் பக்கத்தில் `IM14` நின்றால் அவசரத்தில் கண்ணுக்குப் பிடிபடாது. அதனால் இரண்டில் எது கெட்டது என்று கேட்டால் நான் அடிக்கோட்டைத்தான் சொல்வேன்.

சரி, திருத்தத்துக்கு வருவோம். `LIKE`இடம் இந்தக் குறிக்கு இங்கே சிறப்புப் பொருள் இல்லை, வெறும் எழுத்துதான் என்று சொல்ல ஒரு வழி இருக்கிறது. ஏதாவது ஒரு எழுத்தை எஸ்கேப் எழுத்தாகத் தேர்ந்தெடுத்து, அதைக் குறிக்கு முன்னால் வைக்க வேண்டும். எந்த எழுத்தைத் தேர்ந்தெடுத்தோம் என்பதை வாக்கியத்திலேயே `ESCAPE` என்று எழுதிச் சொல்லிவிட வேண்டும். நான் ஆச்சரியக்குறியை எடுத்துக்கொண்டேன்:

```python
def like_escape(s):
    for ch in ("!", "%", "_"):
        s = s.replace(ch, "!" + ch)
    return s

cur.execute(
    "SELECT id, lot FROM stock WHERE lot LIKE ? ESCAPE '!'",
    ("%" + like_escape(q) + "%",))
```

இப்போது `IM_4` என்பது `%IM!_4%` ஆகப் போகிறது. `IM14` வராது.

இந்த நான்கைந்து வரிகளுக்குள்ளேயே தவறு செய்ய மூன்று இடங்கள் இருக்கின்றன. முதல் முயற்சியில் நானே ஒன்றில் மாட்டினேன். அந்தச் சுற்றில் `!` முதலில் இருப்பது தற்செயல் இல்லை. நான் முதலில் `%`, `_` இரண்டையும் மாற்றிவிட்டு, கடைசியில் `!`ஐ மாற்றினேன். `5%` முதலில் `5!%` ஆனது, அது சரி. அப்புறம் `!`ஐ இரட்டிப்பாக்கும் வரி வந்து, நான் சற்று முன் வைத்த `!`ஐயும் பிடித்து `5!!%` ஆக்கிவிட்டது. இதை `LIKE` எப்படிப் படிக்கும்? `!!` என்றால் உண்மையான ஆச்சரியக்குறி ஒன்று. அதற்குப் பிறகு வரும் `%` மறுபடியும் வைல்ட்கார்டு. ஆக, "5!" என்று இருக்கும் பொருளைத் தேடுகிறது. அப்படி எதுவும் கடையில் இல்லை. முன்பு எல்லாம் வந்துகொண்டிருந்த தேடலில் இப்போது எதுவுமே வராமல் போனால், முதலில் இந்த வரிசையைப் பாருங்கள்.

இரண்டாவது இடம், எதை எஸ்கேப் செய்கிறோம் என்பது. பயனர் எழுதியதை மட்டும் செய்ய வேண்டும், நாம் இரண்டு பக்கமும் சேர்க்கும் `%`ஐச் செய்யக் கூடாது. முழு மாதிரியையும் கட்டிய பிறகு எஸ்கேப் செய்தால், நம் சொந்த வைல்ட்கார்டுகளும் வெறும் எழுத்தாகிவிடும். அப்போதும் எதுவும் வராது.

மூன்றாவது, இரண்டு முறை செய்வது. படிவத்திலிருந்து வாங்கும்போது ஒரு தடவை, தேடும்போது இன்னொரு தடவை என்று செய்தால் `5%` முதலில் `5!%` ஆகி, பிறகு `5!!!%` ஆகும். "5!%" என்று எழுதியிருக்கும் பொருளைத் தேடும். அதனால் மாதிரியைக் கட்டும் அந்த ஒரே வரியில் மட்டும்தான் நான் இதைச் செய்கிறேன். எஸ்கேப் செய்த எழுத்தை டேட்டாபேஸில் சேமிக்கவே கூடாது. நீங்கள் பயன்படுத்தும் கருவி தானே இதைச் செய்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜாங்கோவில் `contains` என்று கேட்டால் அதுவே எஸ்கேப் செய்துவிடுகிறது, நாமும் செய்தால் இரட்டிப்பாகும். எஸ்க்யூஎல்ஆல்கெமியில் `contains()` தானாகச் செய்யாது, `autoescape=True` என்று சொல்ல வேண்டும்.

ஆச்சரியக்குறி எதற்கு, எல்லோரும் போடும் பின்சாய்வுக் கோடு போதாதா என்று கேட்கலாம். மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் இரண்டிலும் `ESCAPE` எதுவும் எழுதாவிட்டாலும் `\` எஸ்கேப் எழுத்தாக வேலை செய்கிறது. எஸ்க்யூலைட்டில் அப்படி இல்லை. அங்கே `ESCAPE` எழுதாவிட்டால் எஸ்கேப் எழுத்து என்று ஒன்றே கிடையாது. `5\%` என்று அனுப்பினால், பின்சாய்வுக் கோட்டையும் சேர்த்துத் தேடிவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்லும். என் லேப்டாப்பில் எஸ்க்யூலைட், வேறு சில கடைகளின் சர்வரில் மைஎஸ்க்யூஎல். ஒன்றில் சரியாக ஓடியது இன்னொன்றில் ஓடாது.

சரி, `ESCAPE '\'` என்று எழுதிவிடலாமே என்றால் அதிலும் முடிச்சு இருக்கிறது. மைஎஸ்க்யூஎல் வழக்கமான அமைப்பில், மேற்கோளுக்குள் இருக்கும் பின்சாய்வுக் கோடு அடுத்து வரும் மேற்கோள் குறியை விழுங்கிவிடும், வாக்கியமே உடையும். அதனால் அங்கே `'\\'` என்று எழுத வேண்டும். அதையே போஸ்ட்கிரெஸில் எழுதினால் இரண்டு எழுத்தாகக் கணக்காகி பிழை காட்டும். `!` இந்த மூன்றிலும் ஒரே மாதிரி நடந்துகொள்கிறது. இதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன். எங்கே ஓடினாலும் `ESCAPE '!'` என்று வெளிப்படையாக எழுதிவிடுவேன். ஓசூர்ப் பக்கம் எஸ்க்யூஎல் சர்வர் வைத்திருக்கும் இடங்களுக்கு எழுதுபவர்கள் `[` குறியையும் அந்தச் சுற்றில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அங்கே சதுர அடைப்புக்குள் எழுதினால், அந்த எழுத்துகளில் ஏதாவது ஒன்று என்று பொருள்.

எஸ்கேப் செய்து முடித்த பிறகு அந்த ஆறு வரிப் பட்டியலில் `5%` தேடினேன். மூன்று வந்தன. ஹெக்சகோனசோல், லாம்டா இரண்டும் சரி. மேன்கோசெப் ஏன் வந்தது? 75% என்பதற்குள் "5%" இருக்கிறதே. இது வைல்ட்கார்டின் தவறு இல்லை. எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறது, பெயருக்குள் எங்காவது இருக்கிறதா என்று தேடினால் இப்படித்தான் வரும். எஸ்கேப் செய்வதால் தீரும் பிரச்சினையும் தீராத பிரச்சினையும் இங்கேதான் பிரிகின்றன. இதைப் புரிந்துகொள்ளாமல் நான் முதலில் `like_escape`இலேயே பிழை தேடிக்கொண்டிருந்தேன்.

அதோடு பையனிடமிருந்து ஒரு புகார் வந்தது. "அண்ணா, முன்னாடி மேன்%75 போட்டா வரும், இப்ப வரல." யாரும் சொல்லித்தராமலே அவன் அதைக் கண்டுபிடித்து வைத்திருந்தான். அவனுக்குத் தேவை நியாயமானது. பெயரில் கொஞ்சம், வீரியத்தில் கொஞ்சம் தட்டினால் பொருள் கிடைக்க வேண்டும். அதற்காக வைல்ட்கார்டைத் திறந்துவிடுவதற்குப் பதிலாக, இடைவெளி விட்டு எழுதும் சொற்களைத் தனித்தனியாகத் தேடுவது நல்லது. இலக்கத்தில் தொடங்கும் சொல்லாக இருந்தால் அதற்கு முன் ஓர் இடைவெளியையும் சேர்த்துத் தேடினால் 75% தொல்லையும் போகும்:

```python
where, args = [], []
for w in q.split():
    pre = "% " if w[0].isdigit() else "%"
    where.append("name LIKE ? ESCAPE '!'")
    args.append(pre + like_escape(w) + "%")
sql = "SELECT id, name FROM items WHERE " + " AND ".join(where)
```

இப்போது `5%` என்பது `% 5!%%` ஆகப் போகிறது. இரண்டு வரிகள்தான் வருகின்றன, இரண்டும் சரியானவை. `மேன் 75%` என்றால் மேன்கோசெப் மட்டும். பெட்டி காலியாக இருந்தால் தேடவே கூடாது, இல்லாவிட்டால் `WHERE`க்குப் பிறகு ஒன்றும் இல்லாமல் வாக்கியம் உடையும். பொருளைப் பதியும்போது பெயருக்கும் வீரியத்துக்கும் இடையே இடைவெளி விட வேண்டும் என்பதையும் அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். வீரியத்துக்குத் தனி நெடுவரிசை வைப்பதுதான் முறையான வழி. ஆனால் இரண்டு மருந்து கலந்த புட்டிகளுக்கு இரண்டு வீரியம் இருக்கும், அது தனி வேலை.

லாட் திரையில் இதைவிடப் பெரிய மாற்றம் செய்தேன். தேடிப் பார்ப்பதற்கு `LIKE` இருக்கட்டும். நிறுத்து, திருப்பி அனுப்பு, விலை மாற்று என்று எதையாவது மாற்றும் பொத்தானுக்கு `LIKE` கூடாது. எஸ்கேப் சரியாக இருந்தாலும் `IM_4` தேடும்போது `IM_41` வரும், அதுவும் கசியாத லாட்தான். இப்போது ஒரு வரியைத் தொட்டுத் தேர்ந்தெடுத்தால்தான் நிறுத்த முடியும், உள்ளே `lot = ?` என்றுதான் போகிறது. "வந்த அனைத்தையும்" என்ற பொத்தானை எடுத்துவிட்டேன்.

உங்கள் மென்பொருளில் இந்தப் பிழை இருக்கிறதா என்று பார்க்க, தேடல் பெட்டியில் ஒரே ஒரு குறியைப் போட்டுப் பார்த்தால் போதும். எந்தக் குறி என்பது தரவைப் பொறுத்தது. இந்தக் கடையின் பொருள் திரையில் `%` போட்டுச் சோதித்தால் ஒன்றும் தெரியாது, எல்லாப் பெயரிலும் சதவீதக் குறி இருக்கிறது, சரியான நிரலும் எல்லாவற்றையும் காட்டும். அங்கே `_` போட வேண்டும், எதுவும் வரக் கூடாது. லாட் திரையில் நேர்மாறாக `%` போட வேண்டும். உங்கள் தரவில் எந்தக் குறி இல்லையோ அதைப் போடுங்கள். ஏதாவது வந்தால் பிழை இருக்கிறது.

அடிக்கோடுகளை எண்ணிச் சோதிப்பவர்களுக்கு ஒரு தகவல். தமிழில் `_` பிடிப்பது நாம் எண்ணும் எழுத்தை இல்லை. "உரம்" நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு உ, ர, ம, புள்ளி என்று நான்கு. பிழையுள்ள திரையில் நான்கு அடிக்கோடு போட்டாலும் "உரம்" வரும். கணக்கு தப்புகிறதே என்று குழம்ப வேண்டாம்.

நிரலோடு சேர்த்து ஒரு சிறிய சோதனையும் எழுதி வைத்திருக்கிறேன். காலி அட்டவணையில் `A_B`, `AXB`, `A%B`, `AXXB`, `A!B` என்று ஐந்து வரிகள் போட்டு, ஒவ்வொன்றாகத் தேடி, ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு வரி, அதே வரி வருகிறதா என்று பார்க்கும். பழைய நிரலில் `A_B` தேடினால் நான்கு வரும், `A%B` தேடினால் ஐந்தும் வரும். வரிசை மாற்றி எஸ்கேப் செய்தால் `A_B`, `A%B` இரண்டுக்கும் அதே வரி வராது. இந்தச் சோதனையை எஸ்க்யூலைட்டிலும் மைஎஸ்க்யூஎல்லிலும் ஓட்டுகிறேன்.

அன்று மாலையே பஸ் ஏறிப் போய் இரண்டு லாட்டுகளையும் விடுவித்தேன். அப்புறம் முழு நிரலிலும் `LIKE` என்று தேடினேன். பொருள், லாட் திரைகள் போக இன்னும் மூன்று இடங்களில் இருந்தது: வாடிக்கையாளர் பெயர், பில் எண், பாக்கி அறிக்கை. பில் எண்ணில் ஆண்டுக்கும் எண்ணுக்கும் இடையே நான்தான் அடிக்கோடு போட்டிருந்தேன்.